கொம்பனி வருந்துகிறது

"இது எங்கடை மன்னிப்பு, ரீச்சர். நல்ல தமிழிலை ஆக்கித் தரவேணும்" என்றார் கொழும்பிலிருந்து வந்த கொம்பனி உத்தியோகத்தர். எங்கள் வீட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தட்டச்சில் அடித்த ஒரு தாளைத் தோற்பையிலிருந்து எடுத்து என் கையில் தந்தார். செய்த பிழைக்கு மன்னிப்பை இன்னொருவரிடம் எழுதி வாங்குகிற ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. கிளிநொச்சிக் குடியேற்றத்தில் அண்ணனும் அண்ணியும் ஒரு கடை வைத்திருந்தார்கள். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு அவர்களோடு இருந்தேன். சீனி, மண்ணெண்ணெய், கருவாட்டோடு அந்தக் கொம்பனியின் பயிர் மருந்துகளையும் அண்ணன் விற்றார். நெல்லுக்குள் முளைக்கும் களையைக் கொல்ல ஒரு தகரம், புழுவைக் கொல்ல இன்னொரு தகரம். இரண்டும் தனித்தனியே நல்ல மருந்துகள்தான். சேர்ந்தால்தான் சனியன்.

அதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். நெற்பயிருக்குக் களைமருந்தைத் தன் உடம்புக்குள் உடைத்துச் செரித்துவிடுகிற சக்தி இருக்கிறது. களைக்கு அது இல்லை. ஆகவே களை சாகும், நெல் நிற்கும். புழுமருந்து போய் நெல்லின் அந்தச் சக்தியைக் கட்டிப்போட்டுவிட்டால், பிறகு நெல்லும் களையும் ஒன்றுதான். ஒன்றை அடித்து இரண்டு கிழமையாவது போகாமல் மற்றதை அடிக்கக் கூடாது. தகரத்தில் ஒட்டியிருந்த இங்கிலீசுக் கடதாசியில் இது பொடி எழுத்தில் இருந்தது. தமிழ்க் கடதாசியில் இருந்தது ஒரு பச்சை நெற்கதிரின் படமும், "அமோக விளைச்சல்" என்ற இரண்டு சொற்களும்தான். தமிழ் வாசிக்கிறவனுக்கு இவ்வளவு போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் மருந்தடிக்கிற மெசின் எல்லாரிடமும் இல்லை. விவசாயச் சங்கத்து மெசின் முறைக்கு வரும். ஒருவருக்கு ஒரு முறை வந்து போனால் அது வாய்க்கால் பாயும் வயல்கள் முழுவதும் சுற்றித் திரும்ப நாள் எடுக்கும். களைக்கு ஒரு தடவை, புழுவுக்கு ஒரு தடவை என்று மெசினைப் பிடிக்க முடியாது. அதனால் வவுனியாவில் கொம்பனி நடத்திய முகவர் கூட்டத்தில் அண்ணன் எழும்பிக் கேட்டார், இரண்டையும் ஒரே மெசினில் ஊற்றி அடிக்கலாமா என்று. மேடையில் நின்ற உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டு, "ஓம், அதிலை ஒரு பிரச்சினையுமில்லை" என்றார். அண்ணன் வந்து அதையே சனத்துக்குச் சொன்னார். மாரி மழைக்கு விதைத்த காலபோகத்து இளம்பயிர் வாய்க்காலின் தலையிலிருந்து கடைசிவரை கருகிப்போனது.

மேடையில் நின்று சிரித்த அதே மனிதர்தான் இப்போது எங்கள் கதிரையில் இருந்தார்.

ஊர்ச்சனம் அண்ணனை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். சைக்கிளில் வருகிறவர்கள் கடையடியில் மிதிப்பதை நிறுத்தாமல், தலையைத் திருப்பாமல், சந்திக் கடைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணனோடு ஒரே லொறியில் சட்டிபானையோடு வந்து காடு வெட்டிய ஆட்கள். கடையில் கருவாடு பூஞ்சணம் பிடித்தது. அண்ணன் காலையில் கடையைத் திறந்து, பின்னேரம் பூட்டி, இடையில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். கடைக்காரர் நாங்கள் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொன்னார் என்று கொம்பனி தன் வாயால் சொல்லவேண்டும். அதற்காகத்தான் நான் அந்தத் தாளைக் கையில் வாங்கினேன், இல்லாவிட்டால் தேத்தண்ணியும் கொடுக்காமல் அனுப்பியிருப்பேன்.

தாளை எழுதியவர் கொம்பனியின் வழக்குகளைப் பேசுகிற அப்புக்காத்து. வழக்குக்குப் பயந்த ஒருவர் எழுதிய மன்னிப்பு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. எமது உற்பத்திப் பொருட்களின் பாவனையைத் தொடர்ந்து சில விவசாயிகளுக்கு அசௌகரியம் ஏற்பட்டிருக்கலாம் என எமக்கு அறியக் கிடைத்துள்ளது. எவ்விதப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளாத வகையில், நல்லெண்ணத்தின் பேரில், கொம்பனி வருந்துகிறது.

"அசௌகரியம் எண்டால் பஸ்ஸிலை இருக்க இடம் கிடைக்காதது" என்றேன். "இஞ்சை பயிர் செத்துக் கிடக்குது."

அவர் கோபிக்கவில்லை. "அதுக்குத்தானே உங்களிட்டை வந்தனான். இதை வாசிச்சால் சனம் கல்லெறியும். உண்மையா மனம் வருந்திற மாதிரி எழுதித் தாங்கோ."

"மாதிரியோ?"

அவர் கோப்பையை எடுத்துத் தேத்தண்ணியைக் குடித்தார்.

நான் எழுதினேன். எனக்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. பிழை விட்ட பிள்ளை வகுப்பில் எழும்பி நின்று எப்படிச் சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேனோ அப்படி எழுதினேன். எங்கள் மருந்தால் உங்கள் பயிர் கருகியது. நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து அடிக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். தமிழில் எழுதி ஒட்டாமல் விட்டோம். கடைக்காரர் நாங்கள் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொன்னார். விற்ற தகரங்களைத் திருப்பி எடுக்கிறோம். மறுபடி விதைக்க மூன்று மாதத்தில் விளையும் நெல்லும் உழவுச் செலவும் தருகிறோம். எங்களை மன்னியுங்கள்.

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். முகம் கொஞ்சம் இளகியது என்றுதான் நினைத்தேன். பிறகு தாளை மடித்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய்க் கொழும்போடு ரெலிபோனில் கதைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது இரண்டு வசனங்கள் வெட்டுப்பட்டிருந்தன. "எங்களுக்குத் தெரியும்" போயிருந்தது. கடைக்காரர் போயிருந்தார். அந்த இடத்தில், "உங்கள் கண்ணீர் எங்கள் கண்ணீர்" என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

"இந்தக் கண்ணீர் ஆரின்ரை?" என்று கேட்டேன்.

"டிரெக்டர் சொன்னவர். ரீச்சர், விளங்கிக்கொள்ளுங்கோ. உருக்கமா இருக்கவேணும், ஆனால் ஒண்டையும் ஒத்துக்கொள்ளப்படாது. கடைக்காரர் நாங்கள் சொன்னதைச் சொன்னவர் எண்டு எழுதினால், நாளைக்கு வழக்கெண்டால் கோட்டிலை அதையே காட்டுவினம்."

"அப்ப அண்ணை?"

"அவரைப் பற்றிக் கூடாமல் ஒண்டும் எழுதேல்லைத்தானே."

வாசலில் நின்ற அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த மனிதரின் தேத்தண்ணிக் கோப்பையைப் பறித்து எறியவேண்டும் போல இருந்தது. படித்த வீட்டுப் பிள்ளை, மினுங்கும் சப்பாத்து, நாக்கு மட்டும் கொழும்பில் அடகு.

அடுத்த நாள் காலை வாய்க்காலின் கடைசி வயலடியில் கூட்டம். அந்த வயலின் சொந்தக்காரி புருசனை இழந்தவர், தானே வரம்பு கட்டித் தானே விதைக்கிறவர். மற்றவர்களுக்கு ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் பச்சை மிஞ்சியிருந்தது, அவருக்கு ஒரு கைப்பிடியும் இல்லை. கொம்பனி கிளிநொச்சி நகரிலிருந்து ஒரு படம்பிடிக்கிறவரையும் கூட்டிவந்திருந்தது. மனம் வருந்துவதற்குப் படம்பிடிக்கிறவர் எதற்கு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

உத்தியோகத்தர் வரம்பில் நின்று தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினார். குரல் நல்ல குரல். கண்ணீர் என்ற சொல் வந்த இடத்தில் குரலும் தழுதழுத்தது. முன்னால் நின்ற ஓரிருவர் தலையை ஆட்டக்கூடத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அந்த வயல்காரி வாசிப்பை மறித்தார்.

"ஐயா, வரம்பிலை நிண்டு மன்னிப்புக் கேக்கிற வழக்கம் இஞ்சை இல்லை. இறங்குங்கோ."

அது உண்மை. எங்கள் பக்கத்தில் ஒருவரின் மாடு இன்னொருவரின் வயலில் இறங்கி அழித்துவிட்டால், மாட்டுக்காரர் அழிந்த பயிருக்குள் இறங்கி நின்று பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் எந்தக் கதையும். வரம்பில் நின்று சொல்லுகிற வார்த்தைக்கு ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். அண்ணன் யாரும் சொல்லாமலே வந்தவுடன் இறங்கிச் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். நான் அதை அப்போதுதான் கவனித்தேன். வாய்க்கால் ஆட்கள் முதலிலேயே கவனித்திருப்பார்கள்.

உத்தியோகத்தர் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். படம்பிடிக்கிறவர் உற்சாகமாக, "படம் நல்லா வரும், சேர், இறங்குங்கோ" என்றார். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, ஒரு காலை வைத்தார். அது புதைந்தது. மற்றக் காலையும் வைத்தார். படம் எடுபட்டது.

வயல்காரி குனிந்து ஒரு பிடி பயிரைப் பிடுங்கி அவர் கையில் வைத்தார். பிடுங்குகிற வேலையும் இருக்கவில்லை, தொட்ட உடனேயே வந்தது. தாள் ஒரு கையில், பயிர் ஒரு கையில்.

"ரெண்டு மருந்தையும் ஒரே மெசினிலை ஊத்தலாமெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் வாய் திறக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எனக்கோ நானே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். இது நீ சொல்லுகிற கதை இல்லை என்பது அந்தப் பிடியில் இருந்தது.

உத்தியோகத்தர் தாளைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை, நான் எழுதிய பதிலை அவர்களே வெட்டியிருந்தார்கள். பிறகு கையிலிருந்த பயிரைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். குரலில் தழுதழுப்பு ஒன்றும் இல்லை, வெறும் வறண்ட குரல். "வவுனியாவிலை அவர் என்னட்டைக் கேட்டவர். எனக்குச் சரியாத் தெரியாது. தெரியாதெண்டு சொல்ல வெக்கத்திலை ஓம் எண்டிட்டன். அவர் நான் சொன்னதைத்தான் சொன்னவர். பிழை என்ரை."

வயல்காரி தலையை ஒருதரம் ஆட்டி, "சரி, ஏறுங்கோ. கால் கழுவத் தண்ணி தாறன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த மனிதரை மெச்ச எனக்கு இன்றைக்கும் மனம் வருவதில்லை. முதல் நாள் எங்கள் கதிரையில் இருந்தே அதைச் சொல்லியிருக்கலாம், அண்ணன் ஓர் இரவாவது நித்திரை கொண்டிருப்பார். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். என் நல்ல தமிழும், டிரெக்டரின் கண்ணீரும், அப்புக்காத்தின் நல்லெண்ணமும் செய்யாததை அந்த நாலு வசனம் செய்தது.

விதைநெல் வந்தது. கொண்டுவந்தவர் வேறு ஒருவர். பழையவரைப் பற்றிக் கேட்டபோது மாற்றமாகிப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னார். அதற்கும் கொஞ்சம் பிந்திக் கொம்பனியின் மன்னிப்புப் பத்திரிகையில் அரைப் பக்கத்தில் வந்தது. மேலே அவர் சேற்றில் நிற்கும் படம். கீழே என் வசனங்கள், நடுவில் கண்ணீர். என்ன நேர்மையான கொம்பனி என்று எங்கள் தலைமை ஆசிரியர் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "நான்தான்" என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

பத்திரிகையை நான் கொதித்துக்கொண்டு கடைக்குக் கொண்டுபோய் அண்ணனின் முன்னால் போட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்து முடித்தார். அப்போது கடைசி வயல்காரி வந்து, கருவாடு கொஞ்சம் தரும்படி கேட்டார். பயிர் கருகிய பிறகு எங்கள் கடைப் படி மிதித்த முதல் ஆள் அவர்.

அண்ணன் நல்ல கருவாடாகத் தெரிந்தெடுத்து நிறுத்தார். சுற்றுவதற்குக் கடதாசி தேடினார். பிறகு அந்த அரைப் பக்கத்தைக் கிழித்து எடுத்தார்.