மில்லுக்கு மேல் மாடியில் ஓர் அமைதி

அந்த இயர்போனைக் காதில் போட்டால் உலகமே ஊமையாகிவிடுமாம். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் இரண்டு நாளைக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாமாம். பார்சல் வண்டிக்காரர் முதலாளியிடம் அப்படித்தான் சொன்னார். வண்டிக்காரருக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்குச் சொன்னது ரயிலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த யாரோ. அந்த யாரோ அதைக் காதில் போட்டுப் பார்த்தாரா, இல்லை அவரும் எங்கோ கேட்டதுதானா என்று யாரும் விசாரிக்கவில்லை. முதலாளி அலமாரி நிறைய வாங்கி அடுக்கிவிட்டு, அரிச்சந்திரியைக் கூப்பிட்டார்.

அரிச்சந்திரி என்பது கடையில் அவளுக்கு வைத்த பெயர். இணையத்தில் சாமான் விற்கும் கடை அது. கீழே கோடவுன், மேலே ஜன்னலோரம் ஒரு மேசை. வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் நாலு பத்தி எழுதுவது அவள் வேலை. மற்ற கடைகளில் அட்டைப்பெட்டியில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். அவளுக்கு அது கை வராது. மிக்ஸி என்றால் அரைத்துப் பார்ப்பாள். குடை என்றால் மழைக்குக் காத்திருப்பாள்.

அது பிறவிக் குணம். கல்யாணத்துக்கு முன்னால், வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விட அப்பா அவளை விளம்பரம் எழுதச் சொன்னபோது, ‘மழை பெய்தால் சமையலறை மூலையில் ஒழுகும்’ என்றும் சேர்த்து எழுதிவிட்டாள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மறுநாள் ஒருவர் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பக்கெட்டுமாக வந்து நின்றார். அவரைத்தான் பிறகு கட்டிக்கொண்டாள். பக்கெட் இன்னும் வீட்டில் இருக்கிறது.

“இதையாவது கொஞ்சம் விக்கிற மாதிரி எழுதும்மா. நீ எழுதறதப் படிச்சா எனக்கே வாங்கப் பயமா இருக்கு” என்றார் முதலாளி.

“வாங்கினவங்க திருப்பி அனுப்பறது குறைஞ்சிருக்கா இல்லையா?”

“குறைஞ்சிருக்கு. வாங்கறவங்களும் குறையாம இருந்தா நல்லாருக்கும்.”

அவள் ஒரு பெட்டியைப் பிரித்தாள். கூழாங்கல் போல வழவழப்பாக ஒரு கறுப்பு டப்பா. மூடியைத் திறந்தால் காதில் செருகும் இரண்டு பட்ஸும் முட்டைக்குள் குஞ்சுகள் போலக் கண் மூடிக் கிடந்தன. பின்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். வெள்ளை விளக்கு கண் சிமிட்டியது. போன் அதை அடையாளம் கண்டுகொண்டது. காதில் பொருத்தி, சத்தம் அடக்கும் வசதியைப் போட்டாள்.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஓர் ஓவியத்தில் சுற்றுவது போல் இருந்தது.

அடுத்த சில நாட்கள் அவள் தண்ணீருக்குள் நடப்பவள் போலத் திரிந்தாள். பஸ் உறுமாமல் வழுக்கிக்கொண்டு போனது. தெருவில் லாரிகள் மேகம் போல் கடந்தன. கோடவுனுக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர் பக்கத்தில் போய் வேண்டுமென்றே நின்றாள். அதன் இரும்பு உடம்பு நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, பாதத்துக்குத் தெரிந்தது, காதுக்கு மட்டும் ஏதோ தொலைதூரக் கடல். ஆனால் மனிதர்கள் மறையவில்லை. கணவர் கூப்பிட்டது மெல்லிய சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல் கேட்டது. தட்டு விழுந்தால் கேட்டது. ஒரே சீராக இரைவதை அது விழுங்கும். திடீர் சத்தத்தையும் பேச்சையும் முழுசாக விழுங்காது. உலகம் ஊமையாவதில்லை, முணுமுணுப்பதை நிறுத்துகிறது, அவ்வளவுதான். அவளுக்கு அதுவே போதும் போலிருந்தது. இத்தனை வருஷமாகத் தன் தலைக்குள் இவ்வளவு இடம் காலியாக இருந்திருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டாள். இரண்டு தடவை இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். பெட்டியில் போட்டிருக்கும் முப்பத்தாறு மணி நேரம் என்பது பட்ஸும் டப்பாவும் சேர்ந்த கணக்கு, அதுவும் சத்தம் அடக்குவதை அணைத்துவைத்தால். காதில் ஒரே மூச்சில் ஓடுவது எட்டு மணி நேரம். சத்தம் அடக்குவதைப் போட்டுவிட்டால் ஆறுக்குச் சற்றுக் குறையும். போனில் பேசிக்கொண்டே இருந்தால் நாலு. டப்பா மூன்று முறைக்குக் கொஞ்சம் மேல் பட்ஸை நிரப்பும்; அதன்மேல் உள்ள விளக்கு டப்பாவின் சார்ஜை மட்டும் காட்டும், பட்ஸில் எவ்வளவு மிச்சம் என்பதைப் போனில்தான் பார்க்க வேண்டும். டைப்-சி ஒயர் உண்டு, முழம்கூட வராது. சுவரில் செருகும் அடாப்டர் கிடையாது. ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் தட்டின்மேல் வெறுமனே வைத்தால் சார்ஜ் ஏறாது. புளூடூத் உள்ள எந்தப் போனோடும் சேரும். ஆனால் கம்பெனியின் செயலி ஆண்ட்ராய்டுக்கு மட்டும். ஐபோன்காரர்கள் பாட்டுக் கேட்கலாம், பேசலாம், பட்ஸை விரலால் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதை மாற்ற முடியாது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்தேன், இரைச்சல் போய்விட்டது. போனில் பேசிப் பார்த்தேன், மறுமுனையில் குரல் தெளிவாகக் கேட்டது.

அத்தனையும் சத்தியம். கடைசி வரியைக்கூட அவள் அக்காவைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துத்தான் எழுதினாள், கோடவுனின் உள்ளறையில், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து.

அதைப் படித்துவிட்டுத்தான், மாவு மில் மாடியில் குடியிருக்கும் ஒரு பெண் கடைக்குப் போன் செய்தாள்; அரிச்சந்திரிதான் எடுத்தாள். சின்ன வயசுக் குரல். கீழே மில், மேலே அவளும் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அப்பாவும். அவரை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது. ஒரு பல் ஆஸ்பத்திரியில், வீட்டிலிருந்தபடியே நோயாளிகளிடம் போனில் பேசி நேரம் குறித்துக்கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். டாக்டரம்மாவே ஒருநாள் மதியம் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்களாம். அமைதியான வீடாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இதற்கு முன் கேட்ட இரண்டு இடமும் மில் சத்தத்தால் கைநழுவிப் போயிற்று என்று சொன்னபோது அந்தக் குரல் சிரித்தது. சிரிக்கவேண்டிய விஷயம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

“மில்லு சத்தம் போயிடுமாக்கா?”

“போயிடும்மா. நான் போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

“நீங்க சொன்னா சரிக்கா. இவ்வளவு குறையப் புட்டுப்புட்டு வெச்சிருக்கீங்க, நல்லத மட்டும் பொய்யாவா சொல்லப் போறீங்க?”

அந்த வார்த்தையை அரிச்சந்திரி இனிப்பை வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டு நாலைந்து நாள் சுற்றினாள். பட்ஸ் போய்ச் சேர்ந்ததும் பெண் மறுபடியும், அரிச்சந்திரி கொடுத்திருந்த சொந்த எண்ணுக்கே, கூப்பிட்டாள். மில் ஓடும்போதே காதில் போட்டுப் பார்த்தாளாம், நடு மதியத்தில் வீடு அதிகாலை மாதிரி ஆகிவிட்டதாம், அப்பாவுக்கும் போட்டுவிட்டாளாம், அவர் அப்படியே தூங்கிப்போனாராம். டாக்டரம்மா வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிடுகிறார்களாம். வேண்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

வியாழக்கிழமை மதியம் அரிச்சந்திரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். கூரியர் அலுவலகத்தில் ஒரு தகராறு, முதலாளி அனுப்பியிருந்தார். எஞ்சினுக்குப் பக்கத்துச் சீட்டுத்தான் கிடைத்தது. பட்ஸைப் போட்டதும் எஞ்சின் கரைந்தது. கண்ணாடிக்கு வெளியே மரங்கள் ஓசையின்றிப் பின்னால் போயின. ஒரு நாய் குரைத்தது, அது மட்டும் தூரத்தில் கேட்டது. இந்த நேரம் அந்தப் பெண் தலைவாரிக்கொண்டிருப்பாள், தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டுப் போன் முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மனசு நிறைந்திருந்தது. அந்த நிறைவில் அக்காவைக் கூப்பிட்டாள்.

“என்னடி இது, ரைஸ்மில்லுக்குள்ள உக்காந்திருக்கியா?” என்றாள் அக்கா.

“பஸ்ல இருக்கேன்க்கா. இங்க ஒரு சத்தமும் இல்லையே.”

“உனக்கு இல்ல. எனக்குக் கடகடன்னு வருது. உன் பேச்சும் பாதிதான் வருது, பாதிய எலி கடிச்ச மாதிரி இருக்கு. சத்தமாப் பேசு.”

அரிச்சந்திரி ஒரு பட்ஸைக் கழற்றினாள். எஞ்சின் உலுக்கிக்கொண்டு காதுக்குள் பாய்ந்தது. திரும்பப் பொருத்தினாள், குளம் போல அமைதி. அவளுக்குக் குளம். அக்காவுக்கு எஞ்சின்.

சத்தத்தை அடக்கும் அந்த வித்தை, போட்டிருப்பவர் காதுக்குள் நடப்பது. வெளியே இருக்கும் இரைச்சலுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. பேசும் பேச்சைக் கொண்டுபோகும் மைக் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதைச் சலிப்பதற்குத் தனியாக ஏதோ உண்டு, அதுவும் இரைச்சல் மிஞ்சினால் குரலையும் சேர்த்துச் சலித்துவிடுகிறது. இது அவளுக்குத் தெரியாதா? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சத்தத்தில் நின்று கேட்டுப் பார்த்தாள். அமைதியில் உட்கார்ந்து பேசிப் பார்த்தாள். சத்தத்தில் நின்று பேசிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

“என்னடி, இருக்கியா?” என்றாள் அக்கா. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அரிச்சந்திரி போனை வைத்துவிட்டாள்.

மணியை அழுத்தி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். எந்த இடம் என்றுகூடப் பார்க்கவில்லை. கடைப் பலகைகள், சைக்கிள்கள், வெயில். எல்லாம் கனவில் வருவது போல ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தன. சொல்லவேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டாள். கீழே ஓடிப்போய் மில்காரர் காலில் விழுந்தாவது அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லும்மா. இல்லை என்றால் அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்தெருவில் எங்காவது போய் நின்று பேசு. உனக்கு அமைதியாக இருப்பதை நம்பாதே. நான் சொன்னது தப்பு. இல்லை, நான் சொன்னது சரி, ஆனால் தப்பு. அதை எப்படிச் சொல்வது?

எண்ணைத் தேடி அழுத்தினாள்.

மணி போனது. டாக்டரம்மா முந்திக்கொண்டு இப்போது பேசிக்கொண்டிருந்தால் வேறு ஒலி வந்திருக்கும். இது வெறும் மணிதான். அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒருவேளை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருக்கலாம். ஒருவேளை பட்ஸ் டப்பாவுக்குள் இருந்து, மேசைமேல் போன் கத்துவது மில் சத்தத்தில் கேட்காமல் இருக்கலாம். அல்லது பேசி முடித்துவிட்டு, யாரிடமும் பேசப் பிடிக்காமல், மினுங்கும் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு லாரி அவள் முன்னால் வந்து நின்று, ஆரன் அடித்து, நகர்ந்தது. ஓட்டுநர் ஏதோ திட்டினார். நடைபாதைக்கு ஏறி நின்றாள். மணி ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். தெரு முழுக்க அடங்கிக் கிடந்த அந்த அமைதிக்குள், அவள் இரண்டு காதிலும் மணி மட்டும் தெளிவாக, மிகத் தெளிவாக, போய்க்கொண்டே இருந்தது.