பதினைந்துக்குப் பதின்மூன்று புள்ளி பெற்ற கடிதம்

ராஜினி டீச்சர் எங்கள் பாடசாலையில் பதினான்கு வருடம் புவியியல் படிப்பித்தார். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் பாதையில், காட்டு விளிம்போடு கிடக்கிற சிறிய பாடசாலை அது. போன தை மாதம் எலிக்காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது நாற்பத்தொன்று. நினைவுமலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிறந்த திகதி, படித்த கல்லூரி, அன்பான சுபாவம் எல்லாம் அதில் இருந்தன. எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் அங்கே அடி விழுந்தபோது பெட்டியும் பானையுமாக வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். ராஜினி இங்கேதான் பிறந்தார். தகப்பன் பதுளைப் பக்கத்து மலைகளைப் பற்றிக் கதைத்ததைக் கேட்டு வளர்ந்தாரே தவிர, போய்ப் பார்த்ததில்லை. சின்ன வயதில் போரால் பாதை பூட்டு. பாதை திறந்த பிறகு தகப்பன் படுக்கை. பிறகு வேலை, கலியாணம், வயல். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தட்டையான இந்த நிலத்தில் இருந்துகொண்டு வருடாவருடம் மலைகளைப் படிப்பித்தார்.

சமவுயரக் கோடு படிப்பிக்கிற நாளில் பெரிய உருளைக்கிழங்கு ஒன்றோடு வருவார். அதைக் கிடையாகத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கடதாசியில் வைத்து விளிம்பைக் கீறச் சொல்வார். கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சாய்வு. பாடம் முடிய, கிழங்கு மதிய உணவு சமைக்கிற அழகம்மாவிடம் போகும்.

"டீச்சர் இண்டைக்கு எந்த மலையைக் கறிக்குத் தாறியள்?" என்று அழகம்மா கேட்பா.

"பீதுருதாலகால. தோலைச் சீவிப்போட்டுப் போடுங்கோ."

இரண்டாயிரத்து இருபத்து நான்கில் தரம் பத்துப் பிள்ளைகளைப் பேராதனைப் பூந்தோட்டம், ஒரு தேயிலைத் தொழிற்சாலை, நுவரெலியா என்று இரண்டு நாள் கூட்டிப் போக வேண்டும் என்று தீர்மானித்தார். கூடப் போக மூன்று ஆசிரியர்கள் சம்மதித்தார்கள். கண்டியில் ஒரு பாடசாலையில் இராத்தங்க ஒழுங்கு செய்தார். பஸ்காரரோடும் கதைத்து வைத்தார். ஆனால் அனுமதிக் கடிதத்தைப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும் என்றார்.

"பரீட்சைக்கு எழுதுற கடிதம் ஒண்டும் ஒருத்தருக்கும் போய்ச் சேர்றேல்லை அக்கா," என்று ஆசிரியர் அறையில் என்னிடம் சொன்னார். "ஒரு கடிதமாவது உண்மையா அதிபரிட்டைப் போகட்டும். நீங்கள்தானே வகுப்பாசிரியர். பிள்ளையள் கொண்டுவந்து தருவினம். ஒரு கையெழுத்து வைச்சு உள்ளுக்கு அனுப்பிவிடுங்கோ."

"ஓம், ஓம்," என்றேன். அப்போது நான் தவணைப் பரீட்சைத் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினேனா என்பதுகூட நினைவில்லை.

தரம் பத்துக்குத் தமிழ் படிப்பித்ததும் நான்தான். அந்தக் கிழமைதான் அலுவல்முறைக் கடிதம் எழுதக் கொடுத்திருந்தேன். தலைப்பு, கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி கோரி அதிபருக்கு. எந்தப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கிற தலைப்பு. திங்கட்கிழமை கொப்பிகள் என் மேசைக்கு வந்தன. மேலே ஒரு தனித் தாள் கிடந்தது. கொப்பி முடிந்துபோன பிள்ளைகள் தாளில் எழுதித் தருவது வழக்கம். அந்தத் தாள் இது:

பாலையடிக்குளம் மகா வித்தியாலயம்,
ஒட்டுசுட்டான்.
2024.07.01

அதிபர்,
பாலையடிக்குளம் மகா வித்தியாலயம்,
ஒட்டுசுட்டான்.

வகுப்பாசிரியர் ஊடாக

மதிப்புக்குரிய ஐயா,

கல்விச் சுற்றுலா செல்வதற்கு அனுமதி கோரல்

தரம் 10 மாணவர்களாகிய நாம் புவியியல் பாடத்தில் மத்திய மலைநாடு பற்றிக் கற்று வருகின்றோம். இதனை நேரில் கண்டு கற்பதற்காக 2024.08.03, 04 ஆகிய சனி, ஞாயிறு தினங்களில் பேராதனை, நுவரெலியா ஆகிய இடங்களுக்குச் செல்ல விரும்புகின்றோம். முப்பத்தொரு மாணவர்களும் நான்கு ஆசிரியர்களும் பங்குபற்றுவர். பெற்றோரின் சம்மதக் கடிதங்களையும் பயணத் திட்டத்தையும் தங்கள் அனுமதி கிடைத்ததும் சமர்ப்பிப்போம்.

எமக்கு மலைகளைக் கற்பிக்கும் எமது ஆசிரியையும் இதுவரை ஒரு மலையைக் கண்டதில்லை.

எனவே இச்சுற்றுலாவுக்கு அனுமதி வழங்குமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகின்றோம்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
வி. யதுர்ஷிகா
(மாணவத் தலைவி, தரம் 10)

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். அனுப்புநர் முகவரி, திகதி, பெறுநர், ஊடாக, விளிப்பு, விடயம், முடிப்பு எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. அமைப்புக்கு ஐந்துக்கு ஐந்து. மொழிக்கும் ஐந்து. ஆசிரியை மலை காணாத வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். "அலுவல்முறைக் கடிதத்தில் தனிப்பட்ட விடயம் வேண்டாம்" என்று பக்கத்தில் எழுதினேன். உள்ளடக்கத்தில் இரண்டு புள்ளி குறைத்தேன். மொத்தம் பதினைந்துக்குப் பதின்மூன்று. நன்று.

அந்த வரியைப் படித்தபோது ராஜினியின் முகம் ஏன் எனக்கு நினைவுக்கு வரவில்லை? இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் கடிதங்களைத் திருத்துகிறேன். அவற்றில் வருகிற அதிபரும் பொய், திகதியும் பொய், பயணமும் பொய். பரீட்சையில் சொந்தப் பெயரும் பாடசாலையும் எழுதக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறவளும் நான்தான். இந்தத் தாளில் உண்மைப் பெயரும் உண்மைப் பாடசாலையும் இருந்ததைக் கண்டும், அதையும் ஒரு கவனக்குறைவு என்றே எடுத்தேன்.

மறுநாள் கொப்பிகளோடு தாளும் வகுப்புக்குத் திரும்பிப் போனது. யதுர்ஷிகா அமைதியான பிள்ளை. வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டார், அதிபருக்கு வேறாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். ராஜினி, கடிதம் அதிபரின் மேசையில் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். மேசையில் இருப்பதைப் போய் நெருக்குகிறவர் அல்ல அவர். வாசலில் நின்று கேட்டால் அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கும் என்று பயப்படுவார்.

மாகாணத்துக்கு வெளியே பிள்ளைகளைக் கொண்டுபோவதென்றால் அதிபரின் கையெழுத்தோடு காரியம் முடியாது. அவர் சிபாரிசு செய்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், சம்மதக் கடிதங்கள், பஸ்ஸின் பத்திரங்கள் எல்லாவற்றோடும் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து மாகாணத்துக்குப் போக வேண்டும். எங்கள் வலயத்தில் பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னரே விண்ணப்பக் கோவை போய்ச் சேர வேண்டும் என்பது ஒழுங்கு.

பத்தொன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை, இடைவேளை நேரம், நான் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அதிபரின் அறையில் நின்றேன். ராஜினி வாசலில் வந்து நின்றார்.

"சேர், பிள்ளையளின்ர கடிதம் பார்த்தனீங்களோ?"

அதிபர் கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கடிதம் பிள்ளை?"

"சுற்றுலாவுக்கு, சேர். ஒண்டாம் திகதியே தந்தவையாம்."

"எனக்கு ஒண்டும் வரேல்லையே. கௌசலா டீச்சர், உங்களுக்கு ஏதும் வந்ததோ?"

"இல்லை சேர்," என்றேன். சொல்லி முடிக்கும்போதே கொப்பிகளின் மேல் கிடந்த அந்தத் தனித் தாள் நினைவுக்கு வந்தது.

யதுர்ஷிகாவைக் கூப்பிட்டார்கள். அவள் பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்து தாளை எடுத்து இரண்டு கையாலும் அதிபரிடம் நீட்டினாள். அதிபர் பார்த்தார். பார்த்தவர் முதலில் சிரித்தார்.

"பதினைஞ்சுக்குப் பதின்மூண்டு! அதிபருக்கு வாற கடிதத்துக்குப் புள்ளி போட்டு அனுப்பின வகுப்பாசிரியர் இலங்கையிலையே நீங்கள் ஒராள்தான் டீச்சர்."

யதுர்ஷிகாவும் சிரிப்பை அடக்கினாள். நான் சிரிக்கவில்லை. ராஜினி தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார். நான் கோடு இழுத்த வரிக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றது. பிள்ளை அப்படி எழுதியிருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

அதிபர் நாட்காட்டியைப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. "மூண்டாம் திகதிக்கு இன்னும் பதினைஞ்சு நாள்தான் கிடக்கு. வலயத்திலை இனி எடுக்க மாட்டினம். நானும் கதைச்சுப் பாக்கிறன். ஆனா நம்பியிருக்காதேங்கோ."

அவர் கதைத்தும் பார்த்தார். அவர்கள் எடுக்கவில்லை.

ஆசிரியர் அறைக்கு நடக்கும்போது நான், "ராஜினி, நான் கொப்பியளோடை சேர்த்து..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ அக்கா. மலை எங்கை போப்போகுது? அடுத்த தவணை பாப்பம்." பிறகு, "அந்த வரிக்குப் புள்ளி குறைச்சது சரிதான். சும்மா கிடந்த என்னைப் பற்றி ஏன் எழுதினவள்?" என்றார். அது பகிடியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த தவணையில் பஸ்காரருக்கு வேறு ஓட்டம் வந்தது. கார்த்திகையில் மழை பிடித்து, வெள்ளம் வந்து, பாடசாலையே பூட்டிக் கிடந்தது. வெள்ளம் வடிந்த கையோடு ராஜினி கணவரோடு வயலில் இறங்கி, அழிந்த பயிருக்குப் பதில் நாற்றுப் பிடுங்கி நட்டார். காலில் ஒரு வெட்டுக்காயம் இருந்ததாம். தை பிறந்து காய்ச்சல் தொடங்கியபோது சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தார்.

செத்த வீட்டுக்குத் தரம் பத்து முழுவதும் வெள்ளைச் சீருடையில் வந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அவருடைய கணவர் திலீபன் எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"டீச்சர், ஒண்டு கேக்கவேணும். அந்த நுவரெலியாப் பயணம் ஏன் நிண்டது? ரெண்டு மாதமா அதே கதைதான். குளிருமாம், சுவெற்றர் வேணுமாம் எண்டு என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு திரிஞ்சவா. பிறகு ஒருநாளோடை கதையே இல்லை. கேட்டா, சரிவரேல்லை எண்டு மட்டும் சொன்னவா."

ராஜினி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொந்தக் கணவரிடம்கூட.

"அனுமதி கிடைக்கேல்லை," என்றேன்.

"ஆர் மறுத்தவை?"

"மேலிடம்."

திலீபன் தலையாட்டினார். "அவைக்கென்ன தெரியும்," என்றார்.

மேலிடத்துக்கு அந்தக் கடிதம் போகவே இல்லை. மறுப்பதற்கு அவர்களிடம் ஒரு தாளும் இருக்கவில்லை.

இந்த வருடம் தரம் பத்துப் பிள்ளைகள் கொழும்புக்குப் போகக் கேட்டு எழுதினார்கள். கடிதம் என் மேசைக்கு வந்த அந்த நிமிடமே கையெழுத்து வைத்து, நானே அதிபரின் கையில் கொடுத்தேன். உரிய காலத்தில் அனுமதி வந்தது. போய் வந்தார்கள். மலைக்குப் போக வேண்டும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. புவியியலுக்கு வந்திருக்கிற புதிய ஆசிரியர் கண்டிக்குப் பலமுறை போய் வந்தவர்.

அறுவடைக் காலத்தில் திலீபனின் உழவு இயந்திரம் பாடசாலை வாசலால் போகும். என்னைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, "சுகமா டீச்சர்?" என்று கேட்பார். மேலிடம் என்று நான் சொன்னது பொய் என்று இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். இரண்டு முறையும், "ஓம் தம்பி, சுகம். நெல்லு எப்பிடி?" என்றுதான் கேட்டேன்.