கேட்காமல் நடந்த வழி

ஐம்பத்தைந்தாம் வருஷம் எனக்கு வயது பத்தொன்பது. நாகர்கோவில் அப்போது திருவனந்தபுரத்தின் ஆட்சிக்குள் இருந்ததால், எந்த சர்க்கார் காரியத்துக்கும் அங்கேதான் போக வேண்டும். நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லி ஒரு கார்டு வந்தது. காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும் என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே ஆபீஸின் பெயர், பிறகு திருவனந்தபுரம், அவ்வளவுதான். ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை.

அப்பா கூட வந்தார். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். எழுத்து அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் முகம் தெரியாத ஒருவரிடம் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். அது அவருடைய வைராக்கியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த வருஷங்களில் தமிழ்ப் பகுதி எந்தப் பக்கம் சேரும் என்ற பேச்சு எல்லா இடத்திலும் சூடாக இருந்தது. அதனாலும் அவர் முந்தின நாளே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், அங்கே போய்த் தமிழில் யாரிடமும் எதையும் விசாரிக்கக் கூடாது, போர்டைப் பார்த்தே போய்க்கொள்ளலாம் என்று.

விடிவதற்குள் பஸ் ஏறினோம். எனக்குப் பெண்கள் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு இல்லை. இரண்டு வரிசை பின்னால் ஒரு ஆசாமி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் துணி மூட்டையை வைத்திருந்தார். அப்பா அந்த மூட்டைக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இடது முழங்காலில் நாள்பட்ட வலி. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் மூட்டையைப் பார்ப்பார், வெளியே பார்ப்பார், மறுபடி மூட்டையைப் பார்ப்பார். தக்கலை போய்விட்டது. களியக்காவிளை போய்விட்டது. அந்த ஆள் தூங்கிக்கூட இல்லை, ஒரு வார்த்தை சொன்னால் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். நானாவது எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். பஸ் நிறைய ஆண்கள், எனக்கு நாக்கு எழவில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் அப்படியே வந்தோம். இறங்கும்போது அப்பாவால் காலை மடக்க முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஒன்பதுகூட ஆகவில்லை. நேரம் நிறைய இருக்கிறது என்று அப்பா சொன்னார். அங்கே ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே நின்று நாலா பக்கமும் போர்டுகளைப் பார்த்தோம். லாட்ஜ், ஓட்டல், மருந்துக் கடை. மலையாள எழுத்து எனக்கு வாசிக்க வரும், பேச்சுதான் தடுமாறும். பக்கத்திலேயே குதிரை வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் சும்மா நின்றார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. அப்பா அவர்களைக் கடந்து நடந்தார்.

சாலைக் கடைத்தெருப் பக்கம் நம் தமிழ் ஆட்கள் இருப்பார்கள், அங்கே கேட்டுக்கொள்ளலாம் என்றார். அது தெற்கே. நாங்கள் போக வேண்டிய இடம் எதிர்த் திசையில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பக்கம் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடை வாசலில் அப்பா போய் நின்றார். கேட்கவில்லை, நின்றார். முதலாளி மூட்டை இறக்கும் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவராகப் பார்த்து என்ன வேணும் என்று கேட்கட்டும் என்று அப்பா காத்திருந்தார். அவர் பார்த்தார், நன்கொடைக்கு வந்தவர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிஷம் போயிற்று. கடைசியில் அப்பா தொண்டையைச் செருமி, "ஆஸ்பத்திரி ஆபீஸ் எங்கயாக்கும்?" என்றார். கார்டை எடுத்துக் காட்டவில்லை. எதற்காகப் போகிறோம் என்று சொல்லவில்லை. முதலாளி தலையைத் தூக்காமலே, பெரிய ஆஸ்பத்திரி வஞ்சியூரில் இருக்கிறது, நேரே போங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். பாவம், கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் அவர் சொன்னார்.

கார்டைக் காட்டியிருக்கலாமே அப்பா என்றேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"எதுக்கு மக்ளே, கண்டவன்கிட்ட எல்லாம் நம்ம காயிதத்தை நீட்டிக்கிட்டு? ஆஸ்பத்திரிப் பக்கந்தான் இருக்கும். வா."

வெயில் ஏறிவிட்டது. அப்பா காலை இழுத்து இழுத்து நடந்தார். வஞ்சியூர் போய்ச் சேர்ந்து, ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்து ஒவ்வொரு போர்டாக வாசித்தோம். அங்கே எங்கள் ஆபீஸ் இல்லை. ஒரு பெட்டிக் கடைக் கடிகாரம் பத்தேகால் காட்டியது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை பேர் போகிறார்கள் வருகிறார்கள், ஊர் முழுக்க வாய் உள்ள மனுஷர்கள், நாங்கள் இரண்டு பேரும் ஊமைகள் மாதிரி சுவரைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பாவின் சட்டைப் பையிலிருந்து கார்டை நானே எடுத்தேன். முச்சந்தியில் போலீஸ்காரர் கை காட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கமாகப் போய், "சார், சார்" என்றேன். ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவர் சட்டென்று திரும்பி, "நடுரோட்டிலாணோ சோத்யம்? மாறி நில்லு" என்றார். நடு ரோட்டில் வந்தா கேள்வி கேட்பது, ஓரமாக நில் என்று அவர் அதட்டியதில் தப்பே இல்லை. ஆனால் அப்போது உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஓரத்தில் நின்ற அப்பாவின் முகத்தில், நான் சொன்னேனா இல்லையா என்று எழுதியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் இன்னொருவரைக் கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

இந்தத் தடவை ஆளைப் பார்த்துக் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசல் மர நிழலில் ஒரு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு யாருக்காகவோ காத்து நின்றாள். அவசரத்தில் இல்லாதவள். எதிரே போய், அவள் என்னைப் பார்க்கிற மாதிரி நின்று, கார்டை நீட்டினேன். தமிழிலேயே சொன்னேன்.

"அம்மா, நாகர்கோயில்ல இருந்து வாறோம். இந்த ஆபீஸுக்குப் பத்து மணிக்குப் போயிருக்கணும். வழி தெரியல. கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?"

அவள் கார்டை வாங்கி வாசித்தாள். "அய்யோ மோளே, இது தைக்காட்டில் அல்லே" என்றாள். ஆபீஸ் தைக்காடு என்ற இடத்தில் இருக்கிறதாம். பிறகு வேகமாக ஏதோ சொன்னாள், பாதி புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு வரத்தான் முதலில் தோன்றியது. அப்படி வந்திருந்தால் இன்னொரு மணி நேரம் போயிருக்கும். மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். செக்ரட்டேரியட்டு முன்னால் வரைக்கும் போ, அங்கே போய்த் தைக்காட்டுக்கு எந்த வழி என்று கேள், தைக்காடு போன பிறகு இந்தக் கார்டை யாரிடமாவது காட்டு. நான் அதையே திருப்பிச் சொன்னேன். அவள் சரி என்று தலையசைத்தாள். தமிழ் பேசினதற்காக அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

செக்ரட்டேரியட்டுக்கு எதிரே ஒரு வெற்றிலைக் கடையில் கேட்டேன். தைக்காட்டில் ஒரு தபால்காரரிடம் கேட்டேன், அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவு வரை வந்து கட்டடத்தையே காட்டிவிட்டுப் போனார். மூன்று பேரும் நல்ல முகத்தோடுதான் சொன்னார்கள். சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எரிச்சல்தான் அதிகமாயிற்று. இதை ஒன்பது மணிக்கே செய்திருக்கலாமே. ஸ்டேஷனிலிருந்து மெல்ல நடந்தாலும் அரை மணி ஆகாது என்று தபால்காரர் சொன்னபோது அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

உள்ளே போகும்போது பதினொன்று தாண்டிவிட்டது. வராந்தாவில் இருந்த பியூன், "லிஸ்ட் விளிச்சு கழிஞ்ஞு" என்றார். பெயரெல்லாம் கூப்பிட்டு முடித்தாகிவிட்டது.

அப்பா உடனே, "சரி, வா போலாம்" என்றார்.

நான் நகரவில்லை. பியூனுக்கு நாற்பது வயது இருக்கும். அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். வழி தெரியாமல் அலைந்துவிட்டோம், தாமதம் எங்கள் தப்புதான் என்றேன்.

"உள்ள இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாப்பீங்களாண்ணே? முடியாதுன்னு சொன்னா போயிருவோம்."

அவர் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, எல்லாரும் முடிந்த பிறகு கடைசியில் பார்ப்பார்களாம், இருங்கள் என்றார்.

இருக்க இடம் இல்லை. பெஞ்சில் நான்கு பேர், ஓரத்தில் ஒருவர் குடையையும் ஃபைலையும் பரப்பி வைத்திருந்தார். அப்பா தூணில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றார். நான் அந்த மனிதரிடம் போய், அப்பாவுக்குக் கால் வலி, இந்தச் சாமான்களைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் அவர் உட்காருவார் என்றேன். அவர் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அவ்வளவுதான். அவர் எங்களை இரண்டாம் தடவை பார்க்கக்கூட இல்லை.

அப்பா உட்கார்ந்தார்.

உள்ளே இருந்த அம்மாள் நல்ல விதமாகத்தான் கேள்வி கேட்டாள். எனக்குப் பதில்களும் தெரிந்திருந்தன. ஆனால் நேரத்துக்கு வந்தவர்களாலேயே இடங்கள் நிரம்பிவிட்டன, காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கிறேன், இல்லையென்றால் அடுத்த வருஷம் முந்தி வா என்றாள். பட்டியலிலிருந்து கூப்பிடவே இல்லை.

திரும்பும்போது தம்பானூரில் ஒரு ஓட்டலில் காப்பி குடித்தோம். அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் தடவை இந்த ஊருக்கு வந்தபோது, கோர்ட்டுக்கு வழி கேட்டாராம். அவர் பேசின மலையாளத்தைக் கேட்டு, அங்கே நின்ற குமாஸ்தாக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். பிறகு இருபது வருஷமாக இங்கே வந்து போகிறார், இன்றைக்கு அந்தக் கடையில் கேட்டது தவிர யாரையும் கேட்டதில்லை.

"நீ இன்னைக்கு என்னை அத்தனை பேர் முன்னாடி நொண்டியாக்கிட்ட" என்றார்.

கால் வலி என்று சொன்னதுதான் குற்றம். அவருக்காக மனம் இளக வேண்டிய இடம் அது. எனக்கு இளகவில்லை. யாரோ நாலு பேர் என்றைக்கோ சிரித்ததற்கு என் பத்து மணி போய்விட்டதே என்றுதான் இருந்தது. காப்பியைக் குடித்து முடித்தேன்.

மறு வருஷமும் மனுப் போட்டேன், கார்டு வந்தது. நான் வரமாட்டேன், நீ தனியாகவும் போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நான் ஒரு வாரம் சாப்பாட்டைத் தள்ளிப் பார்த்தேன், அம்மா கெஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. எல்லாரும் கொண்டாடினார்கள், நானும் வாசலில் கோலம் போட்டேன். தைக்காட்டு ஆபீஸ் இனிமேல் வேறு ராஜ்யம், அங்கே எனக்கு மனுப் போட வழியில்லை என்று கோலம் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

அப்புறம் டீச்சர் வேலைக்குப் படித்தேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், குறை ஒன்றும் இல்லை. ஆனால் நர்ஸாக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.