வெளுத்துப்போன கன்னம்

என் அக்கா பதினேழு வருடமாக ஒரு தோல் மருத்துவமனையில் நர்ஸ். டாக்டர் ஊசி போடுவார், அக்கா ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம்.

ஒருநாள் ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். கண்ணுக்குக் கீழே பள்ளமும் கருமையும். "தூங்கவே இல்லையான்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க டாக்டர்."

"ஃபில்லர்னு ஒரு ஊசி இருக்கு, அதைப் போட்டா பள்ளம் நிரம்பும், அதோட நிழல் குறையும். ஆனா தோல்ல இருக்கிற கருப்பு போகாதும்மா," என்றார் டாக்டர். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்தால் தோல் கெட்டுப்போகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவள் சம்மதித்தாள்.

இடது பக்கம் மருந்து இறங்கும்போதே கன்னத்தில் காசளவு இடம் வெளுத்ததை அக்கா பார்த்துவிட்டாள். "டாக்டர், நிறுத்துங்க!"

விரலால் அந்த இடத்தை அழுத்தி எடுத்தாள். நிறம் திரும்பவில்லை; ரத்தக்குழாய் அடைத்திருந்தது. ஃபில்லரைக் கரைக்கும் மருந்தை உடனே எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைச் செலுத்தச் செலுத்த, "கண்ணு நல்லாத் தெரியுதாம்மா? இது எத்தனை விரல்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மணிக்கொரு முறையாக மூன்றாவது தடவை செலுத்திய பிறகுதான் கன்னத்தில் ரத்தம் ஓடியது.

அந்தப் பெண்ணுக்குப் பள்ளம் பழையபடி திரும்பிவிட்டது. "அது இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர்," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

டாக்டரே அம்மாவுக்கு போன் செய்து சொன்னார். அன்றிலிருந்து அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம், "என் பொண்ணு டாக்டரையே நிறுத்தினவ!" என்கிறாள். நாங்கள் யாரும் திருத்துவதில்லை. நடந்தது அதுதானே.