"அரச வேலை உறுதி" என்று போட்ட பக்கம்

அன்று காலை மில்ரனுக்கு வந்த அழைப்புகள் ஒன்றிலும் படிப்பைப் பற்றிய பேச்சே இல்லை.

"சேர், கந்தோருக்குள்ள இருந்து செய்யிற வேலையா ஒண்டு பாருங்கோ. மகளுக்கு வெயில் ஒத்துவராது."

"அம்மா, நான் வேலை குடுக்கிறேல்லை. படிப்பிக்கிறன்."

"ஓம் ஓம், விளங்குது சேர். போனில வெளிப்படையாச் சொல்லமாட்டியள்."

மில்ரன் போனைக் கதிரையில் எறிந்தான். பேசாலையில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற அவன் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவன்தான். கிராம அலுவலர் போட்டிப் பரீட்சைக்கு இணையத்தில் வகுப்பு அறிவித்திருந்தான். சனிக்கிழமை அது தொடங்காவிட்டால் மாமாவின் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போவதாக வீட்டாருக்கு வாக்கும் கொடுத்திருந்தான். இதுவரை ஒருவரும் சேரவில்லை.

வகுப்பின் இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்த கொலின்ஸிடம் கேட்டபோதுதான் வில்லங்கம் வெளிச்சத்துக்கு வந்தது. கூகுளில் தேடுகிறவர்கள் முதலில் காண்பது பக்கத்தின் தலைப்பையும் அதன் கீழே இரண்டு வரி விபரத்தையும்தான். மில்ரன் எழுதிக் கொடுத்ததைத் தூக்கிவிட்டுக் கொலின்ஸ் தன் கைவரிசையைக் காட்டியிருந்தான்: "அரச வேலை உறுதி! மில்ரன் சேர்." விபரம்: "வீட்டிலிருந்தே அரச உத்தியோகம் பெறுங்கள்."

"ஆரடா உனக்கு உறுதி தந்தது?"

"மச்சான், நீ தந்த தலைப்பு உன்ர பட்டமும் பல்கலைக்கழகமுமா நீண்டு கிடந்தது. பரீட்சையின்ர பேர் வாறதுக்கு முதல் கூகுள் வெட்டிப்போடும். ஆர் அந்த இணைப்பை அமத்துவினம்?"

அது உண்மைதான். அதனால்தான் மில்ரனுக்கு இன்னும் கோபம் வந்தது.

மத்தியானம் அந்தப் பக்கத்தை நம்பி முள்ளிக்குளத்திலிருந்து மாக்கிறட் என்கிற அக்கா ஒருவர் பஸ் ஏறியே வந்துவிட்டார். மகனின் சான்றிதழ்களை நெகிழிப் பையில் சுற்றியிருந்தார். மில்ரன் விளக்கி முடித்ததும் அவர் பையை மெல்ல மடித்தார்.

"அப்ப ஏன் தம்பி உறுதி எண்டு போட்டனீங்கள்? நான் வேதக்கோயிலில நன்றிப் பூசைக்கும் காசு குடுத்திட்டு வாறன்."

மில்ரனால் அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் படியிறங்கியதும் கொலின்ஸின் வீட்டுக்குப் போய், பக்கத்திலேயே இருந்து மாற்றுவித்தான். தலைப்பு: "கிராம அலுவலர் போட்டிப் பரீட்சை: தமிழில் இணைய வகுப்பு." விபரம்: "நுண்ணறிவும் பொது அறிவும் படிப்பிக்கிறோம். சனிக்கிழமை தொடக்கம். வேலை எடுத்துத் தரமாட்டோம்."

"இப்பிடிப் போட்டால் சனம் ஓடும்," என்றான் கொலின்ஸ்.

"ஓடட்டும்."

ஆனாலும் தேடலில் பழைய உறுதிதான் நின்றது. கூகுள் திரும்பவும் வந்து பக்கத்தைப் பார்க்கும்வரை அப்படித்தான், சில நாள் செல்லும் என்றான் கொலின்ஸ், ஏதோ மழை வருகிற கதையைப் போல. மில்ரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு அழைப்புக்கும் அதே பதிலைச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை புதிய வரிகள் வந்தன. மறிச்சுக்கட்டியிலிருந்து பர்ஸானா என்றொரு பெண் அழைப்பு எடுத்தாள்.

"சேர், நுண்ணறிவில எனக்கு எண் தொடர்தான் பிழைக்குது. முதலில இருந்து சொல்லித் தருவீங்களோ?"

மில்ரன் கதிரையை விட்டு எழும்பியே நின்றுவிட்டான். பின்னேரத்துக்குள் இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள். சனிக்கிழமை வகுப்பு உண்டு, கொழும்பு இல்லை.

விளக்கு வைக்கிற நேரம் ஒரு ஐயா அழைப்பு எடுத்தார்.

"வேலை எடுத்துத் தரமாட்டம் எண்டு போட்டிருக்கிறியள். நல்லது, நேர்மையான ஆள். அப்ப எடுத்துத் தாறவையின்ர நம்பரைத் தாங்கோ."