கீறல் விழுந்த குப்பி

எங்கள் குடிநீர் நிலையத்தில் அவருக்குப் புள்ளியம்மா என்று பெயர். பத்தொன்பது வருடங்களாக ஆய்வகத்தில் தண்ணீரின் கலங்கலை அளக்கிறார். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டாவது எண்ணுக்காக மேலாளரான என்னோடு மல்லுக்கட்டுவார். பதிவேட்டில் ஒருநாளும் பூஜ்யம் எழுதியதில்லை.

"எவ்வளவு சுத்தமான தண்ணிய வச்சாலும், மீட்டருக்குள்ள கொஞ்சம் வெளிச்சம் அங்க இங்க பட்டு சென்சார்ல போய் விழும் சார். அதையும் அது கலங்கல்னு எண்ணிக்கும்" என்பார்.

அவருடைய கணவர்தான் மூன்றாம் வடிகட்டியைப் பார்த்துக்கொள்பவர். இவர்களின் வீட்டுச் சண்டை பாதியில் நின்று, மீதி இங்கே நடக்கும். எங்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் வடிகட்டித் தண்ணீரில் கலங்கல் 0.13 காட்டியது. எங்கள் வரம்பு 0.10. தாண்டினால் வடிகட்டியை நிறுத்தி, மணலை முழுக்கத் தோண்டி எடுக்க வேண்டும். மனிதருக்கு ஒரு வாரம் மண்வெட்டியோடுதான் குடித்தனம்.

"நேத்து சண்டைக்கு இன்னைக்குப் பழி வாங்குறியா?" என்றார் கணவர், முகம் வெளுத்து.

"சண்டைக்குத் தனிக் கணக்கு இருக்கு. இது தண்ணி" என்றார் புள்ளியம்மா. ஆனாலும் மீட்டரைச் சரிபார்க்க உட்கார்ந்தார்.

கண்ணுக்குத் தெரியாத பாலிமர் மணிகள் மிதக்கும், கலங்கல் அளவு லேபிளில் எழுதி, மூடி முத்திரையிட்ட குப்பிகளை ஒவ்வொன்றாக வைத்தார். எண்ணூறு, நூறு, இருபது, எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தன.

"அப்போ மீட்டர் சரி. மண்வெட்டிய எடுக்கச் சொல்லிடவா?" என்றேன் அவசரக்குடுக்கையாக.

"இருபதுல பாயிண்ட் ஜீரோ ஏழு கூடினா யாருக்கு சார் தெரியும்? நம்ம பாயிண்ட் ஒன்னு மூணுல அதுதான் பாதி" என்று, மிகக் குறைந்த அளவுக் குப்பியையும் வைத்தார். அதுவும் லேபிளில் இருந்தபடியே வந்தது.

பிறகு, தண்ணீர் எடுத்த தன் குப்பியை மீட்டருக்குள் வைத்து மெல்லத் திருப்பினார். 0.13, 0.10, 0.15.

"குப்பியத் திருப்பினா தண்ணி மாறாது. மாறுறது கண்ணாடிதான்" என்று ஜன்னலுக்கு நேரே பிடித்தார். முடியிழை போலக் கீறல்கள். அவற்றில் பட்ட வெளிச்சம்தான் கலங்கலாக வேஷம் போட்டிருந்தது. அதே வடிகட்டியின் தண்ணீரைப் புதுக் குப்பியில் பிடித்து, துடைத்து வைத்ததும் 0.06.

கணவர் பெருமூச்சு விட்டார். எனக்கும் பெரிய நிம்மதி. புள்ளியம்மாவுக்கு மட்டும் முகம் இறுகியது.

"இதை யாரு கழுவுனது?"

கணவர் கூரையை ஆராய்ந்தார். "நேத்து நீ கோவமாப் போனியா... ஒத்தாசையா இருக்கட்டும்னு, டீ டம்ளர் தேய்க்கிற கம்பி நார் இருந்துச்சு..."

"பதிவேட்டுல காரணத்தை விட்டுடலாமே" என்றேன், அந்த மனிதர்மேல் இரக்கப்பட்டு.

"பத்தொன்பது வருஷமா எதையும் விட்டதில்ல சார்" என்று பேனாவை எடுத்தார். எழுதும்போது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு நானும் கையெழுத்துப் போட்டேன்:

"முதல் அளவீடு செல்லாது. குப்பியில் கீறல். காரணம்: வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தது."