தெரியாததை விட்டுவிடச் சொன்ன அப்பா

போன மாதம் ஒரு காலையில் வங்கிக் கவுண்டரில் இருந்தபோது தம்பி அழைத்தான். "அக்கா, அப்பா போயிட்டாரு. தூக்கத்துலயே" என்றான். வலியில்லாமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதி. மரக்காணத்தில் என் அப்பா ஏழுமலையை அறிந்த உங்களுக்கு அவருடைய பெருத்த சிரிப்பு நினைவிருக்கும். அவர் எழுதிய கடிதத்தைப் பற்றி நான்தான் சொல்லவேண்டும்.

2005-இல் அப்பா மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் முதல்முறையாக வங்கி எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டுத் திண்டிவனத்தில் பயிற்சி வகுப்புக்குப் போனேன். மாதிரித் தேர்வுகளில் எல்லாம் சறுக்கினேன். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பார்கள். அது தெரிந்தும் ஒரு கேள்வியைக்கூட விட்டுவைக்க மனம் வராது. கணக்கோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விடும், ஆங்கிலத்துக்கு நேரமிருக்காது. எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே நேரம்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேறவேண்டும்.

"எனக்கு இது வராதுப்பா" என்று போனில் அழுதேன். அப்பாவுக்குச் சட்டென்று ஆறுதல் சொல்லத் தெரியாது. "அழுவாத பாப்பா, எழுதி அனுப்புறேன்" என்றார். மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் ஊர் வந்த ஒருவர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இங்க வந்த புதுசுல போர்மேன் எது சொன்னாலும் புரிஞ்ச மாதிரி தலையாட்டுவேன். தப்பா செஞ்சு நல்லா வாங்கிக் கட்டிக்கினேன். ஒருநாளு தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் ஆவல, வேற வேலை குடுத்தாரு. நீயும் தெரியாதத விட்டுட்டு, தெரிஞ்சத எழுதிட்டு வா. நீ பாஸானாத்தான் எம்பொண்ணுன்னு நான் கடல் தாண்டி வரல."

சென்னையில் ஒரு பள்ளியில் தேர்வு. கணக்குப் பகுதியில் ஒரு விற்பனை அட்டவணை, அதன்மேல் ஐந்து கேள்விகள். முதல் கேள்வியை இரண்டு முறை போட்டும் எனக்கு வந்த விடை, கொடுத்திருந்த ஐந்து விடைகளில் இல்லை. 'விட்டுட்டு வா' என்ற வரி ஞாபகம் வந்தது. விடைத்தாளில் அந்த ஐந்து வரிசைகளையும் காலியாக விட்டு, கேள்வி எண்ணும் அடுத்து நான் கருப்பாக்கவேண்டிய வட்டங்களின் வரிசை எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்துக்கொண்டு, ஆங்கிலத்துக்குப் போனேன். அதை முடித்துத் திரும்பியபோது இரண்டு கேள்விகள் பிடிபட்டன. மற்ற மூன்றும் வெறுமையாகவே இருந்தன.

வாசலில் காத்திருந்த அம்மா, "எல்லாத்தையும் எழுதினியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, கொஞ்சம் விட்டுட்டேன்." சொல்லும்போது பயமே வரவில்லை.

எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகத் தேர்வும் முடிந்து பணி ஆணை வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டபோது சொன்னேன். "டேய், எம்பொண்ணு பேங்க்குல சேரப் போறாடா!" என்று அறையில் உடன் தங்கியிருந்தவர்களிடம் அவர் கத்துவது கேட்டது. யார் யாரோ சிரித்தார்கள். நான் போனில் காத்திருப்பதையே மறந்துவிட்டார். போன் கார்டில் காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

அப்பாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அந்த அறையிலிருந்து போனில் கேட்ட அவர் குரல்தான்.